குழுப்படத்தில் அப்பாவின் உயரம்

ஊர் ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது: மகளின் கல்யாணக் குழுப்படத்தில், முன்பே இறந்துபோன அப்பாவையும் சேர்த்துத் தர வேண்டும். ஆளை வெட்டி எடுப்பதும் நிறத்தை ஒத்துப்போகச் செய்வதும் இன்று எளிது. படம் கெட்டுப்போவது பெரும்பாலும் அளவில்தான். “அப்பா நல்ல உயரம்” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். வேலை செய்பவர் அவரை மொத்தமாக இழுத்துப் பெரிதாக்குவார். உயரம் வந்துவிடும், கூடவே முகம் பூசணிக்காய் போல ஊதிவிடும்.

காரணம் எளிது. 150 செ.மீ. பெண்ணுக்கும் 180 செ.மீ. ஆணுக்கும் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கிறது. தலையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. மோவாயிலிருந்து உச்சிவரை பெரியவர்களுக்குச் சுமார் 22 செ.மீ.; ஆளுக்கு ஆள் ஓரிரு செ.மீ. மாறும். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 6.3 செ.மீ. ஆகவே ஆளை எவ்வளவு பெரிதாக்குவது என்பதை முகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். உயரத்தைக் காட்டுவது, உச்சந்தலை எங்கே வந்து நிற்கிறது என்பது.

உச்சந்தலை எங்கே வர வேண்டும்? கேமராவின் லென்ஸ் உயரத்தில் படத்தின் குறுக்கே ஒரு கிடைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரே தரையில் நிற்பவர் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும், அந்தக் கோடு எல்லோர் உடம்பையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில்தான் வெட்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மணமேடை 60 செ.மீ. உயரம். படம் எடுத்தவர் கீழே நிற்கிறார். லென்ஸ் மண்டபத் தரையிலிருந்து 150 செ.மீ. மேடையில் நிற்பவர்களுக்கு அது 90 செ.மீ., அதாவது இடுப்பருகே. படத்தில் முன்வரிசைக்காரர்களின் பாதத்திலிருந்து கோடுவரை 720 பிக்சல் என்றால், அங்கே ஒரு செ.மீ.க்கு 8 பிக்சல். பின்வரிசையில் அதே தூரம் 630 பிக்சல், செ.மீ.க்கு 7.

அப்பாவின் உயரம் யாருக்கும் தெரியாவிட்டால் பழைய கல்யாணப் படம் உதவும். இருவரும் நிமிர்ந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தில் அம்மா 760 பிக்சல், அப்பா 840 பிக்சல். அம்மா அப்போது 152 செ.மீ. எனில் அப்பா 168. வயதானால் ஆள் கொஞ்சம் குறுகுவார் என்பதால், அம்மாவை இன்று அளந்து பார்ப்பது அவ்வளவு நம்பத்தக்கதல்ல.

கைவசம் இருப்பது மார்பளவுப் படம் மட்டும் என்றால் அவரைப் பின்வரிசையில், அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே நிறுத்துவது நல்லது. கீழே இல்லாத உடம்பை முன்னால் நிற்பவர்கள் மறைத்துவிடுவார்கள். அங்கே அவர் கண்மணிகளின் இடைவெளி 6.3 × 7, சுமார் 44 பிக்சல் இருக்க வேண்டும். மூலப் படத்தில் அது 150 என்றால், `Ctrl+T` அழுத்தி அகலத்தையும் உயரத்தையும் சேர்த்தே 29 சதவீதமாகக் குறைக்க வேண்டும். பிறகு உச்சந்தலை கோட்டுக்கு மேலே (168 − 90) × 7, அதாவது 546 பிக்சலில் வரும்படி நகர்த்தினால் போதும்.

இங்கே ஒரு வேடிக்கை. முன்னால் நிற்கும் அம்மாவின் உச்சி கோட்டுக்கு மேலே 62 × 8 = 496 பிக்சல். 16 செ.மீ. உயரமான அப்பா, படத்தில் அம்மாவைவிட வெறும் 50 பிக்சல்தான் உயர்ந்து தெரிவார். “இன்னும் கொஞ்சம் தூக்குங்க” என்று வீட்டார் கேட்பார்கள். தூக்கினால் அவர் ஸ்டூல் மேல் நிற்பதுபோல் ஆகிவிடும்.

முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கண்மணித் தூரம் குறைந்து தெரியும். அப்போது கண்ணிலிருந்து மோவாய்வரை அளப்பது மேல். தலை குனிந்தோ நிமிர்ந்தோ இருந்தால் கண்மணித் தூரத்தையே நம்பலாம். கை நீட்டி எடுத்த செல்ஃபியை எந்தக் கணக்கும் காப்பாற்றாது: கிட்டத்தில் எடுத்ததால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும். கடைசியாக, ஒரே வரிசையில் நிற்கும் பெரியவர்களின் முகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வித்தை கணினிக்கு முந்தையது. 1870இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் வில்லியம் நாட்மனின் ஸ்டுடியோ, பனிச்சறுக்கு விழாக் காட்சி ஒன்றுக்காகச் சுமார் 300 பேரைத் தனித்தனியே படமெடுத்து, வெட்டி, வரைந்த பின்னணியில் ஒட்டியது. அவர்களுக்கு இருந்த வசதி, ஆளை நேரில் வரவழைத்து வேண்டிய நிலையில் நிற்கவைத்து எடுத்தது. இன்றைய ஸ்டுடியோக்காரருக்குக் கிடைப்பது வாடிக்கையாளர் கொண்டுவரும் படம் மட்டும்.

அதனால் பாஸ்போர்ட் படத்தை மட்டும் நீட்டாதீர்கள். அவர் யார் பக்கத்திலாவது முழு உருவமாக நிற்கும் படம் ஒன்றையும், அந்தப் பக்கத்து ஆளின் உயரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.