விசாவுக்கு ஓர் அழைப்புக் கடிதம்

ஜெர்மனியில் நடக்கும் மாநாட்டில் கட்டுரை வாசிக்க ஷெங்கன் விசா கேட்பவர், அமைப்பாளரின் அழைப்புக் கடிதத்தை இணைக்க வேண்டும். 'கடிதம் அனுப்புங்கள்' என்று மட்டும் மின்னஞ்சல் எழுதினால் பொதுவான வரவேற்புக் கடிதமே வரக்கூடும். பாஸ்போர்ட் எண், கட்டுரைத் தலைப்பு, மாநாட்டுத் தேதிகள், செலவை ஏற்பவர் யார் என்பதையெல்லாம் நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பெயரில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். கட்டுரையில் 'கே. முருகன்' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கடிதத்தில் கேளுங்கள்.

நிகழ்ச்சி நிரல் இன்னும் முடிவாகவில்லையென்றால், உங்கள் அமர்வு நடக்கும் நாளையாவது கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். மாநாடு 3 நாள், நீங்கள் கேட்பது 10 நாள் என்றால் மீதி நாட்களுக்கு விளக்கம் தேவைப்படும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை ஆகும். கட்டுரை ஏற்கப்பட்ட வாரமே எழுதிவிடுங்கள்.