தங்கமா, வைப்பா, பங்கா?
ஒரு நடுத்தரக் குடும்பத்தின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு

முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுள் மார்க்கையன்கோட்டையும் ஒன்று. நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், செலவு போக மிஞ்சியதை எங்கே வைப்பது என்னும் கேள்வி இவ்வூர் விவசாயக் குடும்பங்களில் எழுவது வழக்கம். கூலியில் மிச்சம் பிடிக்கும் ஆண்டிப்பட்டிப் பகுதி நெசவாளர் வீடுகளிலும் இதே கேள்விதான். நகை வாங்கலாம் என்பார் வீட்டுப் பெரியவர். வங்கியில் போடலாம் என்பார் குடும்பத் தலைவர். கம்பெனிப் பங்குகளே வளரும் என்பான் கல்லூரியில் படிக்கும் மகன். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் எவ்வளவு உண்மை என்பதை எண்களை வைத்தே அளக்க வேண்டும்.

ஒரு குடும்பம் 2008 ஜனவரியில் மூன்று லட்ச ரூபாயை மூன்றாகப் பிரித்து, ஒரு லட்சத்தைச் சொக்கத் தங்கத்திலும், ஒரு லட்சத்தை நிரந்தர வைப்பிலும், ஒரு லட்சத்தைப் பங்குகளிலும் இட்டதாக வைத்துக்கொள்வோம். பங்குகளுக்குச் சென்செக்ஸ் எனப்படும் பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணை அளவுகோலாகக் கொள்வோம். முப்பது பெரிய கம்பெனிகளின் விலைப்போக்கைக் காட்டும் எண் அது. அப்போது அது 21,000 அளவில் நின்றது. பத்துக் கிராம் தங்கம் சுமார் 11,000 ரூபாய். 2023 டிசம்பர் இறுதியில் சென்செக்ஸ் 72,000-ஐத் தாண்டியிருந்தது. தங்கம் ஏறத்தாழ 63,000. எனவே பங்கில் இட்ட லட்சம் 3,40,000 ஆயிற்று. ஈவுத்தொகை இதில் சேரவில்லை. தங்கத்தில் இட்டது 5,70,000 ஆயிற்று. வைப்புக்குச் சராசரி 7 சதவீத வட்டி, காலாண்டுக் கூட்டு என்று கொண்டால் 3,00,000 கிடைத்திருக்கும். தங்கமே வென்றது.

இனி, அதே குடும்பம் 2012 டிசம்பரில் தொடங்கியதாகக் கொள்வோம். அப்போது தங்கம் சுமார் 31,000, சென்செக்ஸ் 19,400. முடிவுத் தேதி முன்போலவே 2023 டிசம்பர். இப்பொழுது பங்கு 3,70,000, வைப்பு 2,15,000, தங்கம் 2,03,000. முதலில் வென்ற தங்கம் கடைசியில் நிற்கிறது! அதன் பின்னர் 2024, 2025 ஆண்டுகளில் தங்கம் மிகக் கடுமையாக ஏறியதால், முடிவுத் தேதியைத் தள்ளிவைத்தால் இவ்வரிசை மீண்டும் மாறும். தொடங்கும் ஆண்டையும் முடியும் ஆண்டையும் மாற்றினால் வெற்றியாளரும் மாறுகிறார் என்பதே இக்கணக்கு கற்பிக்கும் பாடம். "பத்து ஆண்டில் இத்தனை மடங்கு" என்று எவரேனும் கூறினால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேட்பது நம் முதற் கடமை.

இடைக்காலத்தில் நேர்ந்ததையும் நோக்க வேண்டும். 2008 ஜனவரியில் 21,000-இல் இருந்த சென்செக்ஸ் அவ்வாண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே இறங்கியது. லட்ச ரூபாய் நாற்பதாயிரத்துக்கும் குறைந்துபோயிற்று. பழைய உயரத்தை அது நிலையாகத் தாண்டி நின்றது 2014-இல்தான். அவ்வாறு காத்திருக்க முடிந்தவர்க்கே இலாபம். இடையில் மகள் திருமணத்துக்கென விற்றவர்க்கு நஷ்டம். தங்கமும் இதற்கு விலக்கன்று. 2012 இறுதியில் 31,000 விற்றது 2015 இறுதியில் சுமார் 25,000 ஆயிற்று. "தங்கம் இறங்காது" என்பது நம்பிக்கையே ஒழியக் கணக்கன்று.

மேலே கண்டது சொக்கத் தங்கத்தின் கணக்கு. நம் குடும்பங்களோ பெரும்பாலும் ஆபரணமாகவே வாங்குகின்றன. சேதாரமும் செய்கூலியுமாக 12 சதவீதமும், அதன் மேல் 3 சதவீதச் சரக்கு சேவை வரியும் செலுத்தினால், 100 ரூபாய்த் தங்கத்துக்கு 115 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். விற்கும்போது கடைக்காரர் தங்கத்துக்கு மட்டுமே விலை தருவார். ஆகவே விலை 15 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட முதலே திரும்பும். 2012 கணக்கில் சேதாரம், செய்கூலியை மட்டும் கழித்தால்கூட 2,03,000 என்பது ஏறத்தாழ 1,80,000 ஆகிவிடும். சேமிப்பு மட்டுமே நோக்கமாயின் நாணயமோ கட்டியோ மேல். அவற்றில் கூலி குறைவு. எனினும் ஆபரணத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நாற்று நடும் காலத்தில் பணம் முடைப்பட்டால், அதைச் சங்கத்தில் ஈடு வைத்து அன்றைக்கே கடன் பெறலாம். அந்தப் பயன் வேண்டுவோர் சேதாரத்தை அதற்குரிய விலையாகக் கருதிக்கொள்ளலாம்.

வைப்பு ஏறுவதும் இறங்குவதும் இல்லாதது. அதுவே அதன் பலம். ஆனால் வட்டி 7 சதவீதமாயிருக்கையில் விலைவாசி 5 சதவீதம் ஏறினால், மெய்யான வளர்ச்சி இரண்டே சதவீதம். மேலும், வைத்த இடம் உறுதியானதா என்று பார்த்தல் வேண்டும். 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில், ஆறு மாதத்துக்கு ஒருவர் ஆயிரம் ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி முதலில் கட்டளையிட்டது. 2020 பிப்ரவரி முதல் வங்கி வைப்புகளுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி இக்காப்பீட்டில் அடங்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அடங்கா. இதை நம் அங்கத்தினர்களிடம் மறைப்பது முறையன்று. சங்கத்தில் பெருந்தொகை வைக்குமுன் அதன் தணிக்கை வகையையும், தவணை தவறிய கடனின் அளவையும் பேரவையில் கேட்டறிவது அங்கத்தினர் உரிமை.

பங்கு என்றவுடன் நம் அங்கத்தினர்களுக்குச் சங்கப் பங்கே நினைவுக்கு வரும். நூறு ரூபாய்ச் சங்கப் பங்கு எத்தனை ஆண்டு கழிந்தாலும் நூறு ரூபாயே. கம்பெனிப் பங்கோ நாள்தோறும் விலை மாறுவது. அக்கம்பெனி கெட்டால் முதலும் போகும். 2009 ஜனவரி 7-ஆம் நாள், கணக்கில் பொய் எழுதியதாக அதன் தலைவரே ஒப்புக்கொண்டதும், சத்யம் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. குறியீட்டெண்ணிலிருந்து அதை நீக்கி வேறொரு கம்பெனியைச் சேர்த்துவிட்டனர். அதையொன்றையே நம்பியிருந்தவர்க்கு அத்தகைய மாற்று இல்லை. ஆதலின், சிறு சேமிப்பாளர் தனிக் கம்பெனியைத் தேடாமல், குறியீட்டெண்ணைப் பின்பற்றும் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் சிறு தொகை இடுவதே தகும். ஒரே உச்ச விலையில் எல்லாப் பணமும் மாட்டிக்கொள்ளும் அபாயமும் அதனால் குறையும்.

ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதினும், எந்தப் பணம் எப்பொழுது வேண்டும் என்று கேட்பதே பொருந்தும். குடும்பத்தின் செலவுகளை ஆண்டு குறித்து ஒரு தாளில் எழுதுக. ஐந்து ஆண்டுக்குள் வரும் படிப்புச் செலவு, வீட்டுப் பழுது, ஒரு போகம் பொய்த்தால் வேண்டிய ஆறு மாதச் செலவு ஆகியன வைப்பில் இருக்கட்டும். மகளுக்குப் போட எண்ணியிருக்கும் நகையின் அளவுக்குத் தங்கம் சிறுகச் சிறுகச் சேரட்டும். அங்கே வேண்டப்படுவது தங்கமே ஆதலின் விலை ஏறினாலும் கவலையில்லை. பத்து ஆண்டுக்கு அப்பால் முதுமைக்கென ஒதுக்குவதில், பாதியாய்க் குறைந்தாலும் விற்காமல் காத்திருக்க முடிந்த பகுதி மட்டும் பங்கில் செல்லட்டும். கடன் வாங்கியோ, நகையை ஈடு வைத்தோ பங்கு வாங்குதல் எக்காலத்தும் ஆகாது.