Profile.pdf-ஐ அப்படியே அனுப்பலாமா?

லிங்க்ட்இன் கணக்கைக் கணினியில் திறந்து, உங்கள் பெயருக்குக் கீழே உள்ள பொத்தான்களில் Resources அல்லது More என்பதை அழுத்தினால் Save to PDF என்று ஒரு வரி தெரியும். அதைத் தட்டியதும் Profile.pdf என்ற கோப்பு இறங்கிவிடும். ரெஸ்யூமே தயாராகிவிட்டது என்று பலரும் அதையே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தத் தாள் பழகிய முகம். இடப்பக்கம் ஒரு பட்டை, வலப்பக்கம் பெயரும் பணி அனுபவமும், அடியில் பக்க எண். வேறு யாருடைய பக்கத்தையும் அவராலேயே இதேபோல இறக்கிக்கொள்ள முடியும் என்பதால், இந்த வேலைக்காக நீங்கள் தனியாக எதையும் எழுதவில்லை என்பது பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிடும்.

கோயம்புத்தூரில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்க ஆள் தேடும் ஒரு நிறுவனத்துக்கு, ஆறு வருட அனுபவமுள்ள கணக்காளர் ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கப் பட்டையில் Top Skills என்ற தலைப்பின் கீழ் மூன்றே திறமைகள்தான் வரும். கல்லூரி முடித்த புதிதில் அவர் சேர்த்த எம்எஸ் ஆபீஸ், குழுப்பணி, தலைமைப்பண்பு ஆகியவை இன்னும் முதலிடத்தில் இருந்தால், அவைதான் அங்கே நிற்கும். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் பட்டியலில் பின்னால் இருப்பதால் தாளிலேயே வராது. இறக்குவதற்கு முன் திறமைகளின் வரிசையை மாற்றினால் இது சரியாகும். ஆனால் வடிவத்தை மாற்ற வழியில்லை. Summary-யில் நான்கு பத்தி எழுதியிருந்தால், பணி அனுபவம் அதற்குக் கீழே தள்ளிப்போகும்.

விண்ணப்பங்களை முதலில் மென்பொருள் படிக்கும் இடங்களில் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு பத்தி அமைப்பைச் சில மென்பொருள்கள் குழப்பிக்கொள்ளும். கோப்பில் உள்ள எழுத்தையெல்லாம் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சான்றிதழ்களும் மொழிகளும் உங்கள் பெயருக்கு முன்னால் வந்து விழுந்தால், மென்பொருளும் அப்படியே படிக்க வாய்ப்புண்டு.

அந்தக் கணக்காளரின் பக்கத்தில் ‘கணக்கு, வரி வேலைகளைக் கவனித்தேன்’ என்ற ஒரு வரி இருக்கிறது. எல்லா வகை நிறுவனங்களும் பார்க்கும் பக்கத்துக்கு அது போதும். இந்த வேலைக்கான ரெஸ்யூமேயில் அதையே, ‘மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்தேன், கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு சப்ளையர்களைத் தொடர்புகொண்டேன்’ என்று எழுத வேண்டும். நிறுவனம் விளம்பரத்தில் கேட்ட வேலையே இதுதான். இவரும் அதைத்தான் செய்துவந்திருக்கிறார். பொதுப்பக்கத்தில் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வேலை பார்த்த தேதிகள், பதவிப் பெயர்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். தேர்வு செய்பவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தச் சரிபார்ப்புக்கு Profile.pdf கைகொடுக்கும். ரெஸ்யூமே எழுத உட்காரும்போது அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.