நான்கு, ஐந்து, ஆறு: கோமா அளவுகோலைப் போடும் முறை

தலையில் அடிபட்டவர் எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதைக் கண், பேச்சு, கை ஆகிய மூன்றையும் பார்த்து எண்ணால் குறிப்பதுதான் கிளாஸ்கோ கோமா அளவுகோல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974-இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். அதுவரை ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’ என்று எழுதுவதே வழக்கம். காலை ஷிப்டில் ஒருவர் அரை மயக்கம் என்று எழுதியதற்கும் இரவு ஷிப்டில் இன்னொருவர் எழுதிய அதே சொல்லுக்கும் ஒரே பொருள்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. மயக்கத்துக்குப் பெயர் சூட்டுவதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதச் சொன்னதுதான் இந்த முறையின் பலம்.

கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, கை அசைவுக்கு 6. மொத்தம் 15. மூன்றிலும் கடைசிப் படி 1 என்பதால், எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 வரும். 0 என்பதே கிடையாது. மருத்துவ, நர்சிங் மாணவர்கள் இந்த உச்ச எண்களை நினைவில் வைக்க எளிய வழிகள் உண்டு. கண்ணாடி போட்டவரை ‘நாலு கண்ணு’ என்று கேலி செய்வார்கள்; ஆகவே கண்ணுக்கு 4. பேச்சை கேஸ் ஷீட்டில் V என்ற எழுத்தால் குறிப்பார்கள். ரோமன் எண்ணில் V என்றால் 5. மிச்சமிருக்கும் M, அதாவது அசைவு, வரிசையில் அடுத்து வரும் 6.

படிகளை மேலிருந்து கீழாகச் சொல்லிப் பழகுவது நல்லது. கண்: தானே, குரலுக்கு, அழுத்தத்துக்கு, இல்லை. பேச்சு: தெளிவு, குழப்பம், சொல், ஒலி, இல்லை. இதில் குழப்பம் என்பது வாக்கியமாகப் பேசினாலும் நாளோ இடமோ தவறாகச் சொல்வது. சொல் என்பது தொடர்பில்லாத ஒற்றைச் சொற்கள். ஒலி என்பது முனகல்.

கை அசைவின் ஆறு படிகள்தான் மாணவர்களைத் தடுமாற வைப்பவை. அவற்றைக் ‘கேட்கும், தேடும், விலகும், மடங்கும், நீளும், இல்லை’ என்று மனத்தில் பதிக்கலாம். சொல்லிக்கொண்டே கையால் நடித்தும் பார்த்தால் பின்னர் மறப்பது கடினம். சொன்னதைச் செய்வது 6. வலிக்கும் இடத்தைத் தேடிக் கை வருவது 5. வலியிலிருந்து முழங்கை சட்டென மடங்கிக் கை உடலைவிட்டு விலகுவது 4. கை மெதுவாக மார்பின் குறுக்கே மடங்கி, கட்டைவிரல் உள்ளே சுருண்டு, கால் விறைத்து நீள்வது 3. முழங்கை மடங்காமல் கை விறைத்து நீள்வது 2. அசைவே இல்லை என்றால் 1. நான்குக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளி தாளில் ஒரு புள்ளிதான். நோயாளியின் மூளையில் அது பெரிய வித்தியாசம். 1974-இல் வெளிவந்த முதல் வடிவத்தில் இவ்விரண்டும் ஒரே படியாக இருந்ததால் மொத்தமே 14தான். பிறகு பிரிக்கப்பட்டு 15 ஆனது.

சோதிப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் எது சோதனைக்குத் தடையாக இருக்கும் என்று பார்க்க வேண்டும்: கண் வீங்கி மூடியிருக்கிறதா, தொண்டையில் குழாய் இருக்கிறதா, காது கேட்குமா, கேட்கும் மொழி புரியுமா. அடுத்து, தொடாமல் சற்று நேரம் கவனிக்க வேண்டும். பிறகு குரல் கொடுக்க வேண்டும், தேவையானால் உரக்க. அதற்கும் பலனில்லை என்றால்தான் அழுத்தம். கண்ணுக்கு விரல் நுனியில் நகத்தின் ஓரமாகப் பேனாவை வைத்து, மெல்லத் தொடங்கி 10 விநாடி வரை படிப்படியாக அழுத்துவார்கள். கை அசைவுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதையைக் கிள்ளுவார்கள். அல்லது புருவ எலும்பின் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்துவார்கள். கை காறை எலும்புக்கு மேலே வந்து அந்த இடத்தைத் தேடினால் 5 கொடுக்கலாம். புருவத்தில் அழுத்தினால் முகம் சுளித்துக் கண் இன்னும் இறுக மூடும் என்பதால், கண்ணின் மதிப்பெண்ணுக்கு அந்த இடம் உதவாது. நெஞ்செலும்பை முஷ்டியால் தேய்ப்பது பழைய பழக்கம். தோல் கன்றிப்போவதால் இப்போது அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

மாணவர்களுக்கான ஒரு பயிற்சி உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்த இளைஞர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். கண் மூடியிருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திறக்கிறார். கண் 3. “இப்ப எங்கப்பா இருக்கீங்க?” என்று நர்ஸ் கேட்டால், “வீட்லதான்” என்கிறார். பேச்சு 4. “என் விரலைப் பிடிங்க, இப்ப விடுங்க” என்றால் இரண்டையும் செய்கிறார். அசைவு 6. விடச் சொல்வதையும் சேர்த்தே கேட்க வேண்டும். உள்ளங்கையில் விரல் பட்டாலே அனிச்சையாகப் பிடித்துக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. கேஸ் ஷீட்டில் E3 V4 M6 = 13.

அரை மணி நேரம் கழித்துக் குரலுக்குக் கண் திறக்கவில்லை. நகத்தில் அழுத்தியதும் திறக்கிறது. “அம்மா… விடு” என்ற சொற்கள் மட்டும் வருகின்றன. தோளைக் கிள்ளினால் கை அங்கே வருகிறது. E2 V3 M5 = 10. மூன்று புள்ளி சரிந்துவிட்டது. அடுத்த சோதனை வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய நேரம் இது.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் முன் மறுபடி பார்க்கிறார்கள். கண் திறக்கவேயில்லை, முனகல் மட்டும். வலது கை கிள்ளிய இடத்துக்கு வருகிறது. இடது கை மார்பின் மேல் மெதுவாக மடங்குகிறது. இரு பக்கமும் வேறுபட்டால் நல்ல பக்கத்தின் எண்ணைப் போட வேண்டும் என்பது விதி. எனவே E1 V2 M5 = 8. ஆனால் இடது கை பலவீனத்தைத் தனியாக எழுதியே தீர வேண்டும். 8 என்ற எண் அதைச் சொல்லாது. டார்ச் அடித்தால் வலது கண்பாவை விரிந்தபடியே நிற்கிறது. வலது கண்பாவையும் இடது கையும் சேர்ந்து, மண்டையின் வலப்பக்கம் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது என்ற சந்தேகத்தை எழுப்புகின்றன. வெளிச்சத்துக்குச் சுருங்காத பாவை ஒவ்வொன்றுக்கும் 1 கழிக்கும் முறை 2018-இல் வந்தது. அதன்படி இவருக்கு 7.

தலைக்காயத்தில் 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. 8-க்கு வந்தால் மூச்சுக்குழாயில் குழாய் வைக்க யோசி என்பது மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இன்னொரு குறிப்பு. அது எச்சரிக்கைக்கான கோடு மட்டுமே. 8-க்குக் கீழே வரும் எல்லோருக்கும் குழாய் தேவைப்படுவதில்லை. 10-இல் இருப்பவர் வாந்தியை விழுங்கத் திணறினால் அவருக்கு முன்னதாகவே தேவைப்படலாம்.

சோதிக்க முடியாத இடத்தில் 1 போடுவதுதான் பரவலான பிழை. குழாய் வைத்தவர் பேசவில்லை என்பதற்கு அவரது மூளை காரணமல்ல. அங்கே எண்ணுக்குப் பதில் NT என்று எழுதி, மொத்தத்தைக் கூட்டாமல் விட வேண்டும். கண் வீங்கி மூடியவருக்கும் அப்படியே. மயக்க மருந்தும் மதுவும் எண்ணைக் கீழே இழுக்கும் என்பதால் அவற்றை அருகில் குறித்துவைக்க வேண்டும். அதே சமயம், குடித்திருக்கிறார் என்பதற்காகத் தலைக்காயத்தை மறந்துவிடவும் கூடாது. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர் விரல் நுனி அழுத்தத்தை உணராமல் போகலாம். அவருக்குப் புருவ எலும்பில் அழுத்தி முகத்தைப் பார்க்க வேண்டும். பேச்சு வராத சிறு குழந்தைகளுக்கு அழுகை, மழலை, எரிச்சல் ஆகியவற்றை வைத்துப் பேச்சின் படிகளை மாற்றியமைத்த தனி அட்டவணை இருக்கிறது.