பிழைக்கும் வட்டி உண்டு

ஒரு பொருளின் அளவு இப்போது இவ்வளவு, அது மாறும் வேகம் இன்ன விதிப்படி. அப்படியானால் நாளை எவ்வளவு இருக்கும்? கணிதத்தில் இதைத் தொடக்க மதிப்புச் சிக்கல் என்பார்கள். நேரடி விடை கிடைக்காத இடங்களில் காலத்தைச் சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியாகக் கணக்கிட்டு நகர வேண்டும். 1768-ல் வெளியான தம் நூலில் ஆய்லர் தந்த வழி மிக எளிது. படியின் தொடக்கத்தில் உள்ள வேகமே படி முடியும் வரை மாறாது என்று வைத்துக்கொள்வதுதான் அது.

விடை தெரிந்த கணக்கிலேயே இதைச் சோதிப்போம். வளரும் வேகம் எப்போதும் இருக்கும் அளவுக்குச் சமம், தொடக்கம் 1. காலம் 1 ஆகும்போது சரியான விடை 2.71828. படி 0.1 என்று வைத்தால் ஆய்லர் முறையில் ஒவ்வொரு படியிலும் 1.1-ஆல் பெருக்க வேண்டும். முதல் படியில் 1.1 வருகிறது, உண்மை 1.10517. இந்த 0.00517தான் உள்ளகப் பிழை, அதாவது ஒரே ஒரு படியில் புதிதாக நேர்வது. பத்துப் படி முடிவில் 2.59374 கிடைக்கிறது. அங்கே உள்ள 0.1245 முழுப் பிழை.

பத்துப் படிக்குச் சுமார் 0.05 தானே வரவேண்டும்? முதல் படியின் பிழை அங்கேயே நிற்பதில்லை. கடனுக்கு வட்டி ஏறுவதுபோல், மீதி ஒன்பது படிகளிலும் 1.1-ஆல் பெருகி 0.0122 ஆகிறது. பின்னால் வரும் படிகளில் பெருக வாய்ப்பு குறைவு, ஆனால் அளவு வளர்ந்திருப்பதால் புதுப் பிழையே பெரிது. ஆகவே ஒவ்வொரு படியும் கடைசியில் ஏறக்குறைய 0.012 பங்கு தருகிறது.

படியைப் பாதியாக்கி 0.05 ஆக்கினால் உள்ளகப் பிழை 0.00127, ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆனால் படிகள் இருமடங்கு. அதனால் முழுப் பிழை பாதிதான் குறைந்து 0.065-ல் நிற்கிறது. உள்ளகப் பிழை படியின் இரண்டாம் அடுக்கில், முழுப் பிழை முதல் அடுக்கில். முழுப் பிழையின் அடுக்கையே முறையின் வரிசை என்கிறோம். ஆய்லர் முறையின் வரிசை 1.

பலரும் பயன்படுத்தும் ரங்கே-குட்டா முறையின் வரிசை 4. அதே 0.1 படியில் முழுப் பிழை 0.000002 அளவுதான், படியைப் பாதியாக்கினால் அது ஏறக்குறைய 15 மடங்கு சுருங்குகிறது. படி இன்னும் சிறிதாகும்போது இந்த எண் 16-ஐ நெருங்கும். ஒரு படிக்கு நான்கு முறை வேகத்தைக் கணக்கிட வேண்டும் என்ற உழைப்புக்கு இது நல்ல விலை. ஆனால் வேகத்தின் விதி நடுவில் திடீரென முறிந்தால் இந்தப் பலன் கிடைக்காது. படியை அளவுமீறிச் சுருக்கினாலும் கணினியின் எண் சுருக்கப் பிழை மேலோங்கிவிடும்.

விடை தெரியாத கணக்கில் படியை இருமுறை பாதியாக்குங்கள். மூன்று விடைகளுக்கு இடையே உள்ள இரண்டு வித்தியாசங்களில் முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். ரங்கே-குட்டா நிரலில் 16-ஐ ஒட்டி வராமல் 2 வந்தால், அந்த விடையை நம்பும் முன் நிரலையும் வேகத்தின் விதியையும் மறுபடி பாருங்கள்.