கடைப் பெயருக்குப் பின்னால் எந்தத் தொழிற்சாலை?

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கடையின் சொந்தப் பெயரில் அடுக்கியிருக்கும் கெட்சப், பிஸ்கட், நூடுல்ஸ், ஊறுகாய் எதையும் அந்தக் கடைக்காரர்கள் தயாரிப்பதில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலை தயாரிக்கிறது. கடை தன் பெயரை ஒட்டுகிறது. பக்கத்திலேயே விளம்பரத்தில் பார்த்துப் பழகிய பிராண்டு, கூடுதல் விலையில். "ரெண்டும் ஒரே கம்பெனியில வர்றதுதான் சார்" என்று கடைப் பையன் சொல்வான். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள அவனை நம்ப வேண்டியதில்லை. விடை பாட்டிலின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

பொட்டலத்தில் வரும் எந்த உணவுப் பொருளிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரைக்குக் கீழே 14 இலக்க உரிம எண் இருக்கும். பலரும் அதைப் பார்த்துவிட்டு, அதுதான் தொழிற்சாலையின் எண் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிராண்டின் உரிமையாளருடைய எண், அதாவது கடையுடையது. தயாரிப்பவர் வேறொருவர் என்றால் அவருடைய உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு லேபிள் விதி. பொடி எழுத்தில் 'மார்க்கெட்டட் பை' என்று ஒரு முகவரியும், 'மேனுஃபாக்சர்ட் பை' என்று இன்னொரு முகவரியும் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது முகவரியும், அதோடு வரும் எண்ணும்தான்.

அந்த எண்ணிலேயே சில விவரங்கள் இருக்கின்றன. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம் பெற்ற நிறுவனம், 2 என்றால் பதிவு மட்டும் செய்துகொண்ட சிறு தொழில். அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24, கர்நாடகத்துக்கு 12. அந்த இடத்தில் 00 இருந்தால் மத்திய உரிமம். அதற்கடுத்த இரண்டும் உரிமம் பெற்ற ஆண்டு. ஆக, 12418 என்று தொடங்கும் எண், தமிழ்நாட்டில் 2018-இல் வாங்கிய உரிமம். foscos.fssai.gov.in தளத்தில் FBO Search பகுதிக்குப் போய் முழு எண்ணையும் போட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும்.

சில லேபிள்களில் மூன்று நான்கு தொழிற்சாலைகளின் முகவரி A, B, C என்று வரிசையாக இருக்கும். உங்கள் கையில் இருப்பது எங்கிருந்து வந்தது என்பதை பேட்ச் எண்ணின் முதல் எழுத்து சொல்லும். லேபிள் அச்சானது எங்கோ. பேட்ச் எண் மூடியிலோ கழுத்திலோ தனியாக மையால் குத்தியிருக்கும். அதையும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்து, பிராண்டு பாட்டிலிலும் இதே வேலை. இரண்டிலும் தயாரிப்பாளரின் 14 இலக்கமும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே கூரையின் கீழ் தயாரானவை என்பதில் சந்தேகமில்லை. பிராண்டுகாரர்களும் வெளியே கொடுத்துத் தயாரிப்பது சகஜம். பஞ்சாபைச் சேர்ந்த மிஸஸ் பெக்டர்ஸ் நிறுவனம் கிரிமிகா என்ற சொந்தப் பெயரில் பிஸ்கட் விற்கிறது. மாண்டலீஸ் நிறுவனத்துக்கு ஓரியோவையும் ஒப்பந்தத்தில் தயாரித்துக் கொடுத்தது. 2020-இல் பங்கு வெளியிட்டபோது அந்த நிறுவனமே சொன்ன விவரம் இது.

ஆனால், ஒரே தொழிற்சாலை என்பதால் ஒரே சரக்கு என்றாகிவிடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தொழிற்சாலையிடம் இருப்பது இயந்திரமும் ஆட்களும். எவ்வளவு தக்காளி, எவ்வளவு சர்க்கரை, எந்தத் தரத்து மூலப்பொருள் என்பதை ஆர்டர் கொடுப்பவர் முடிவு செய்கிறார். ஒரே சமையல்காரரிடம் ஒரு வீட்டார் நெய்யும் முந்திரியும் கொடுக்கிறார்கள், இன்னொரு வீட்டார் டால்டா கொடுக்கிறார்கள் என்றால், கேசரி எப்படி ஒன்றாக இருக்கும்?

ஆகவே தொழிற்சாலையைக் கண்டுபிடித்த பிறகு, சேர்மானத்தைப் பார்க்க வேண்டும். நான் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தது இரண்டு கெட்சப் பாட்டில்களை. கடை பாட்டில் 950 கிராம், பில்லில் 99 ரூபாய். பிராண்டு பாட்டில் 900 கிராம், 145 ரூபாய். நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 10 ரூபாய் 40 காசு, இரண்டாவது 16 ரூபாய் 10 காசு. கடைச் சரக்கு 35 சதவீதம் மலிவு. லேபிளிலேயே ஒரு கிராம் விலை அச்சாகியிருக்கிறதே என்று கேட்கலாம். அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடையின் சொந்தச் சரக்கில் எம்.ஆர்.பி.யை ஏற்றி வைத்துப் பெரிய தள்ளுபடி காட்டுவது எளிது என்பதால், பில் விலையை வைத்து நாமே கணக்குப் போடுவதுதான் சரி.

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும். கடை பாட்டிலில் தண்ணீர், சர்க்கரை, அதன் பிறகு தக்காளி பேஸ்ட் 22 சதவீதம். பிராண்டில் தண்ணீர், தக்காளி பேஸ்ட் 28 சதவீதம், பிறகுதான் சர்க்கரை. தக்காளி குறைந்த இடத்தை நிரப்ப, கடை பாட்டிலில் INS 1422 என்ற பதப்படுத்திய ஸ்டார்ச்சு சேர்ந்திருந்தது. அது அனுமதிக்கப்பட்ட பொருள்தான், கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெட்டித்தன்மை தக்காளியால் வந்ததா, மாவால் வந்ததா என்பதை அந்த எண் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இப்போது விலையை பேஸ்ட்டுக்கு மட்டும் கணக்கிட்டால், கடை பாட்டிலில் ஒரு கிராம் பேஸ்ட்டுக்கு 47 காசு, பிராண்டில் சுமார் 58 காசு. 35 சதவீதம் மலிவாகத் தெரிந்தது, உள்ளே இருக்கும் தக்காளியைப் பொறுத்தவரை 18 சதவீத மலிவுதான். இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. பேஸ்ட்டை எவ்வளவு சுண்டக் காய்ச்சினார்கள் என்பது எல்லா லேபிளிலும் இருக்காது. நீர்த்த பேஸ்ட் 28 சதவீதமும் நன்றாகச் சுண்டிய பேஸ்ட் 22 சதவீதமும் சமமாகவே இருக்கலாம். அதற்குத் தட்டில் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு, பத்து நிமிடம் பொறுங்கள். எதைச் சுற்றித் தண்ணீர் வளையம் விரிகிறதோ, அதில் நீர் பிடித்து நிற்கவில்லை. சுவைக்கு, பாட்டிலைக் காட்டாமல் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுத்துக் கேளுங்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பெயரின் பக்கம் சாய்ந்துவிடும்.

இரண்டும் உண்மையிலேயே ஒரே சரக்கு என்று எப்போது நம்பலாம்? தொழிற்சாலையின் எண் ஒன்றாக இருக்க வேண்டும். சேர்மானங்களின் வரிசையும் சதவீதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரை, சோடியம் எல்லாம் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம் வரை பொருந்த வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் கூடுதல் விலை கொடுக்கக் காரணமில்லை. சேர்மானம் வேறுபட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு பொருள்களை. மலிவானது உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், அதே சரக்கு என்று எண்ணி வாங்காதீர்கள்.

பருப்பு, சர்க்கரை, உப்பு போன்றவற்றில் இந்த ஆராய்ச்சி அதிகம் தேவையில்லை. அவற்றில் 'பேக்டு பை' என்றுதான் இருக்கும். மூட்டையில் வாங்கிச் சுத்தம் செய்து பொட்டலம் போட்டவரின் பெயர் அது. அங்கே பிரித்துக் கண்ணால் பார்த்தாலே தரம் தெரியும், கடைச் சரக்கைத் தயங்காமல் வாங்கலாம்.

பின்பக்க லேபிளை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் ஒப்பந்தம் மாறும்போது தயாரிப்பாளரை மாற்றிவிடும். முன்பக்க லேபிள் அப்படியே இருக்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை பழைய படத்தின் எண்ணையும் புது பாட்டிலின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.