விரிதாளில் சதவீத மாற்றமும் பூச்சிய வகுத்தலும்

ஓர் அளவு முன்பு இருந்ததைவிட எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதை, முன்பிருந்த அளவின் நூற்றுப் பங்காகச் சொல்வது சதவீத மாற்றம் ஆகும். புதிய மதிப்பிலிருந்து பழைய மதிப்பைக் கழித்து, வரும் விடையைப் பழைய மதிப்பால் வகுத்தால் இது கிடைக்கும். எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் சீட்ஸ் ஆகிய மூன்று விரிதாள்களிலும் இதை ஒரே சூத்திரத்தால் கணக்கிடலாம். பழைய மதிப்பு பூச்சியமாக இருந்தால் மட்டும் விடைக்குப் பதிலாக `#DIV/0!` என்ற பிழைச்செய்தி தோன்றும்.

## குற்றாலத்து எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலத்தில், தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களே முக்கியமான சீசன். அருவிக்குச் செல்லும் வழியில் சீசனில் மட்டும் திறக்கப்படும் கடைகள் பல உண்டு. கொரோனா பரவலால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளின் சீசனிலும் அருவிகளில் சுற்றுலாப் பயணிகள் குளிக்கத் தடை இருந்தது. ஆகவே அந்த இரு சீசன்களிலும் திறக்கப்படாத கடையின் விற்பனைக் கணக்கில் உண்மையாகவே பூச்சியம் இடம்பெறும்.

அத்தகைய ஒரு கடையின் சீசன் விற்பனை கீழ்க்காணுமாறு இருப்பதாகக் கொள்வோம். இத்தொகைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

| வரிசை | A (ஆண்டு) | B (விற்பனை, ரூபாய்) |
|---|---|---|
| 2 | 2019 | 1,50,000 |
| 3 | 2020 | 0 |
| 4 | 2021 | 0 |
| 5 | 2022 | 1,20,000 |
| 6 | 2023 | 1,38,000 |

## அடிப்படைச் சூத்திரம்

2019-க்கு முந்தைய ஆண்டின் கணக்கு இல்லாததால், C2 கட்டத்தைக் காலியாக விட்டு C3-இல் தொடங்க வேண்டும்.

```
=(B3-B2)/B2
```

இதை C6 வரை கீழே இழுத்து நிரப்பினால், ஒவ்வொரு வரிசைக்கும் ஏற்றபடி கட்டங்களின் எண்கள் தாமாக மாறிக்கொள்ளும். பிறகு அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, கருவிப்பட்டையிலுள்ள % பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானே 100-ஆல் பெருக்கிக் காட்டிவிடும். சூத்திரத்திலும் `*100` என்று சேர்த்தால் 15% என்பது 1500% ஆகிவிடும்.

அடைப்புக்குறிகளை விடக்கூடாது. விரிதாள் கழித்தலுக்கு முன் வகுத்தலைச் செய்யும் என்பதால், `=B6-B5/B5` என்று எழுதினால் 1,38,000-இலிருந்து 1 கழிக்கப்பட்டு 1,37,999 என்ற பொருளற்ற விடை வரும்.

இந்தச் சூத்திரம் 2020-க்கு -100%, 2023-க்கு 15% என்று சரியாகத் தருகிறது. 2021, 2022 ஆகிய இரண்டு வரிசைகளிலும் `#DIV/0!` தோன்றுகிறது. பிழை பூச்சியம் உள்ள ஆண்டில் வருவதில்லை. அதற்கு அடுத்த ஆண்டில்தான் வருகிறது. அடுத்த ஆண்டின் கணக்கில்தான் அந்தப் பூச்சியம் வகுத்தியாக நிற்கிறது.

## பிழை சொல்வது என்ன

எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் 1,20,000 வராது. எனவே 1,20,000-ஐப் பூச்சியத்தால் வகுத்தால் விடை என்று சொல்ல ஓர் எண்ணும் இல்லை. 2022-இல் விற்பனை மீண்டும் தொடங்கியது உண்மை. ஆனால் அது பூச்சியத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற கேள்விக்கு விடை கிடையாது. விரிதாள் பழுதாகிவிட்டது என்பதல்ல, கேள்விக்கு விடை இல்லை என்பதே இச்செய்தியின் பொருள்.

இதை மறைக்கப் பலர் கீழ்க்காணும் வழியைக் கையாள்கின்றனர்.

```
=IFERROR((B3-B2)/B2,0)
```

பிழைச்செய்தி மறைந்துவிடும், ஆனால் 2022-க்கு 0% என்று காட்டும். அதைப் படிப்பவர் முந்தைய ஆண்டைவிட மாற்றமே இல்லை என்றுதான் புரிந்துகொள்வார். ஒன்றுமில்லாத நிலையிலிருந்து 1,20,000 ரூபாய்க்கு விற்பனை எழுந்தது அவருக்குத் தெரியாமலே போகும். பூச்சியத்துக்குப் பதிலாக 1 என்று இட்டு வகுப்பதும் தவறு. அப்போது வளர்ச்சி 1,19,99,900% என்று வரும்.

`IFERROR` எல்லா வகைப் பிழைகளையும் ஒரேபோல் மறைத்துவிடும் என்பது இன்னொரு குறை. யாரேனும் ஒரு கட்டத்தில் "1,38,000 ரூபாய்" என்று எழுத்தும் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தால் `#VALUE!` என்ற எச்சரிக்கை வரவேண்டும். அதுவும் 0% ஆகிவிடும்.

## பூச்சியம் வேறு, காலி வேறு

தென்காசி மாவட்டம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 22 அன்று தொடங்கப்பட்டது. ஆகவே மாவட்டவாரியான ஓர் அட்டவணையில் தென்காசிக்கு நேராக 2018-ஆம் ஆண்டின் கட்டம் காலியாக இருக்கும். தென்காசியில் அப்போது ஒன்றுமே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. தனிக் கணக்கு இல்லை என்றே பொருள். மூடிய கடையின் பூச்சியம் அளந்து அறிந்த ஒரு மதிப்பு. இந்தக் காலிக் கட்டம் அப்படிப்பட்டதன்று.

ஆனால் கணக்கிடும்போது விரிதாள் காலிக் கட்டத்தையும் பூச்சியமாகவே கொள்ளும். அதனால் இரண்டுக்கும் `#DIV/0!` ஒன்றே விடையாக வரும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் சூத்திரம் இது:

```
=IF(COUNT(B2,B3)<2,"எண் இல்லை",
 IF(B2=0,"ஒப்பிட இயலாது",(B3-B2)/B2))
```

`COUNT` என்பது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். இரண்டில் ஒன்று காலியாகவோ எழுத்தாகவோ இருந்தால் "எண் இல்லை" என்று வரும். அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அறியலாம். இரண்டும் எண்களாக இருந்து பழைய மதிப்பு பூச்சியமானால் "ஒப்பிட இயலாது" என்று வரும். மற்ற இடங்களில் வழக்கம்போல் சதவீதம் வரும். இச்சூத்திரத்தை C3-இல் இட்டு இழுத்தால் -100%, ஒப்பிட இயலாது, ஒப்பிட இயலாது, 15% என்ற நான்கு விடைகள் கிடைக்கும்.

மாவட்ட அட்டவணையில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். திருநெல்வேலியின் 2018, 2020 எண்களை அப்படியே ஒப்பிட்டால் பெரும் சரிவு தெரியக்கூடும். ஒரு பகுதி பிரிந்து போனதே அதற்குக் காரணமாக இருக்கலாம். 2020-இன் திருநெல்வேலி, தென்காசி எண்களைக் கூட்டி, பழைய திருநெல்வேலியின் எண்ணோடு ஒப்பிடுவதே முறை. கூட்டக்கூடாத விகிதம், சராசரி போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

## ஒப்பிடத்தக்க ஆண்டு எது

"ஒப்பிட இயலாது" என்ற இடத்தில் வாசகருக்கு வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும். முதலாவதாக, D3-இல் `=B3-B2` என்று இட்டுக் கீழே இழுத்து, ரூபாய் வேறுபாட்டைத் தனி நெடுவரிசையில் காட்டலாம். வகுத்தல் இல்லாததால் பூச்சியத்தால் பிழை வராது. இரண்டாவதாக, கடை வழக்கம்போல் நடந்த கடைசி ஆண்டை அடிப்படையாகக் கொள்ளலாம்.

```
=(B5-$B$2)/$B$2
```

`$` குறி இருப்பதால் சூத்திரத்தைக் கீழே இழுத்தாலும் 2019-இன் கட்டம் மாறாது. இதன்படி 2022 விற்பனை 2019-ஐவிட 20% குறைவு. 2023 விற்பனை 8% குறைவு. முந்தைய ஆண்டோடு மட்டும் ஒப்பிட்டு 15% வளர்ச்சி என்று சொல்லும்போது, கடை இன்னும் பழைய நிலையை எட்டவில்லை என்பது மறைந்துவிடுகிறது.

விற்பனை, மழையளவு, வருகையாளர் எண்ணிக்கை போன்றவை பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை என்பதால் மேற்கண்ட முறை போதும். இலாப நட்டக் கணக்குக்குப் போதாது. 20,000 ரூபாய் நட்டத்திலிருந்து 10,000 ரூபாய் இலாபத்துக்கு வந்த கடைக்குச் சூத்திரம் -150% என்று, நிலை மோசமானதுபோல் காட்டும். அத்தகைய கணக்கில் `B2=0` என்பதை `B2<=0` என்று மாற்றிக்கொண்டு, வேறுபாட்டை ரூபாயில் சொல்வதே சரி.